மாமியின் தையல் மெஷினும் "மரியாதையான தமிழும்"

முகநூல் வாங்கல் விற்றல் குழுவில் நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். களுவாஞ்சிகுடி மாமியின் தையல் மெஷின் பதிவை ஒரு தம்பி கமெண்டில் திருத்திப் போட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். "பாவித்த கால் மெஷின். நல்லா ஓடும். பெல்ட் மட்டும் இளகியிருக்கு" என்று இருந்ததை, "பயன்படுத்தப்பட்ட தையல் இயந்திரம் விற்பனைக்குண்டு. சிறு குறைபாடுடையது. ஆர்வமுடையோர் மட்டும் தொடர்பு கொள்ளவும்" என்று மாற்றி, இதுதான் மரியாதையான தமிழ் என்று வகுப்பும் எடுத்தார். மாமி சொல்லச் சொல்ல அந்தப் பதிவை எழுதியது நான். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

தம்பி, "சிறு குறைபாடு" என்றால் வாங்க வருகிறவர் என்ன நினைப்பார்? சக்கரம் உடைந்ததா, ஊசி இறங்கவில்லையா, கால் சட்டம் ஆடுகிறதா? ஒன்றும் விளங்காது. பெல்ட் இளகியிருக்கு என்றால் தைக்கத் தெரிந்த யாருக்கும் அந்த நிமிஷமே விளங்கும். மிதிக்கும்போது கீழ்ச் சக்கரம் சுற்றும், தடித்த துணி வந்தால் மேலே மெஷின் வழுக்கி நிற்கும். தோல் பெல்ட்டில் கொஞ்சம் வெட்டி, கம்பிக் கொக்கியைத் திரும்பப் போட்டால் சரி. தைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்பதால்தான் "கடையில் வெட்டிப் போட்டால் சரியாகும்" என்று அடுத்த வரியையும் எழுதினேன். பழுதை மறைக்காமல் சொல்வதுதான் வாங்குகிறவருக்குக் கொடுக்கும் மரியாதை.

அடுத்தது அந்த "மட்டும்". ஆர்வமுடையோர் மட்டும் என்றால், சும்மா விசாரிக்க வராதே என்று வாசலிலேயே நிறுத்துவது போல. நம்ம ஊரில் ஒரு பொருளை நாலு பேர் விசாரித்துத்தான் ஐந்தாவது ஆள் வாங்குவார். "தொடர்பு கொள்ளவும்", "நேரில் வரவும்" எல்லாம் கந்தோர்ச் சுவரில் ஒட்டும் அறிவித்தல் மொழி. மாமி வயதில் உள்ளவர்களுக்கு அது கட்டளையாகத்தான் கேட்கும். அதற்காக "ப்ரோ, இன்பொக்ஸ் வா" என்று எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் பெரியவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். "பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கோல் எடுங்க, வந்து மிதிச்சுப் பாருங்க." இதில் யாருக்கு என்ன மரியாதை குறைந்தது? அந்த "ங்க" ஒன்றே பதினெட்டு வயசுக்கும் எழுபதுக்கும் பொருந்தும். அண்ணா, அக்கா, நானா என்று யாரையும் கூப்பிடவே தேவையில்லை. கல்முனையில் இருந்து வாசிப்பது யார், அக்கரைப்பற்றில் இருந்து வாசிப்பது யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

"பெரியவர்கள் எங்கே முகநூல் பார்க்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்க்காவிட்டால் என்ன, வீட்டில் பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிறார்களே. எங்கள் அப்பா பழைய ஃபிரிட்ஜ் ஒன்று தேடிய நாட்களில் தங்கச்சிதான் ஒவ்வொன்றாக வாசிப்பாள். "குளிர்சாதனப் பெட்டி, நற்பாவனை நிலையிலுள்ளது, விலை இன்பொக்ஸில்" என்று வந்தால் அப்பா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். விலையை ஏன் ஒளிக்கிறான், வேண்டாம் அடுத்ததைப் பார் என்பார். வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு தடக்கும் வரி எதுவும் விளம்பரத்துக்கு உதவாது. அதனால்தான் மாமியின் பதிவில் "28,000 ரூபா. மெஷினைப் பார்த்த பிறகு கொஞ்சம் பேசலாம்" என்று போட்டோம். "விலை பேசித் தீர்மானிக்கப்படும்" என்பதை விட இதில் என்ன பிழை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இப்படி எழுதினால் தமிழ் அழிந்துவிடும் என்று கவலைப்பட்டவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எழுத்துப் பிழை விடச் சொல்லவில்லை. பாவிச்ச என்று மாமி சொன்னதைப் பாவித்த என்றுதான் எழுதினேன், வெளியூர் ஆட்களும் வாசிக்கட்டும் என்று. சொல் வாயில் இருந்து வரட்டும், எழுத்து ஒழுங்காக இருக்கட்டும். சைக்கிளைத் துவிச்சக்கர வண்டி என்று எழுதினால்தான் தமிழ் பிழைக்கும் என்றால், அதைத் தேடுகிற பிள்ளை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடும் என்று யோசியுங்கள். சைக்கிள் என்றுதானே!

சரி, இதெல்லாம் வாதம். எனக்கு நொந்தது வேறு. அந்தக் கமெண்டுக்குக் கீழே சிரிப்பு முகம் போட்டவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரவு மாமி கோல் எடுத்து, "நான் சொன்னது பிழையா மனே?" என்று கேட்டா. காலமெல்லாம் ஊருக்குத் தைத்துக் கொடுத்த மனிசி. இப்போது முழங்கால் ஏலாமல்தான் மெஷினை விற்கிறா. அவ பேசுகிற தமிழில் மரியாதை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மாமி ஒருவரையும் நீ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பதிவை மாற்றப் போவதில்லை, மாமி சொன்னபடியே இருக்கும். அந்தத் தம்பியின் பெயரை நான் போடவில்லை, போடவும் மாட்டேன். கமெண்டை அவரே எடுத்துவிட்டு மாமிக்கு ஒரு கோல் எடுக்கட்டும். நம்பர் பதிவிலேயே இருக்கிறது.