பாதியில் நின்றுபோகும் திருத்தம்

வேலைக்கான விண்ணப்பங்களைப் படிக்கும்போதெல்லாம் “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்” என்ற வாக்கியம் கண்ணில் பட்டு என்னை வருத்துகிறது. இந்தியில் தொடக்கத்தையும் கால அளவையும் ‘ஸே’ என்ற ஒரே உருபு சுமப்பதால், அம்மொழியினர் தடுமாறுவதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. தமிழிலோ ‘2022 முதல் வசிக்கிறேன்’ என்றும் ‘இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன்’ என்றும் நாம் பிரித்தே சொல்கிறோம். ‘முதல்’ வரும் இடத்தில் சின்ஸ், ‘ஆக’ வரும் இடத்தில் ஃபார் என்று நம் மொழியைக் கொண்டே விளக்கியிருக்கலாம். பள்ளியில் எவரும் அதைச் செய்வதில்லை.

அதைவிடக் கோபமூட்டுவது, சின்ஸை அடித்துவிட்டு ஃபார் என்று மட்டும் எழுதித் தரும் திருத்தம். “ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்றால், மொத்தமே இரண்டு ஆண்டுகள் தங்கும் ஏற்பாட்டில் இருக்கிறேன் என்றே ஆங்கிலேயர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். நேற்று வந்தவரும் அப்படிச் சொல்லலாம். முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதைத் தமிழில் ‘வசிக்கிறேன்’ என்ற நிகழ்காலமே உணர்த்திவிடுகிறது, ஆங்கிலத்தில் அதற்கு “ஹேவ் பீன் லிவிங்” வேண்டும். வினையைத் தொடாமல் இடைச்சொல்லை மட்டும் மாற்றும் ஆசிரியர், கண்ணுக்குத் தெரிந்த பிழையை எடுத்துவிட்டுத் தெரியாத பிழையை மாணவரிடமே விட்டுச் செல்கிறார்.