பூனை குர்குர் என்றாலே சந்தோஷமா?

“பூனை குர்குர்னு சத்தம் போட்டா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். உடம்புக்கு ஒண்ணுமில்லை, கவலையே வேண்டாம்.”

பாதிதான் சரி. மடியில் சொகுசாகப் படுத்திருக்கும்போது வரும் அதே சத்தம், வலியிலும் பயத்திலும் வரும்.

போன வருஷம் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கடுவன் பூனை ஒரு நாள் முழுக்க என் காலடியில் குர்குர் என்றபடியே கிடந்தது. ஆனால் சோற்றைத் தொடவில்லை. அரைமணிக்கு ஒருமுறை மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கியது. மணல் நனையவே இல்லை. மூத்திரக் குழாய் அடைத்திருந்தது. கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும் கோளாறு இது. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போடும் வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

முன்கால்களால் மாவு பிசைவதுபோல் அழுத்துவது வேறு. குட்டியில் தாய்மடியில் பால் சுரக்க அழுத்திய பழக்கம் அது. பெரும்பாலும் நிம்மதியின் அடையாளம். மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதும் அப்படித்தான். நாம் அப்படிச் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுவதை 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆனால் திறக்காமல் கண்ணைச் சுருக்கியே வைத்திருந்தால் வலியாக இருக்கலாம். எங்கள் கடுவனின் கண் அன்று அப்படித்தான் இருந்தது.