சொந்தச் சரக்குக்கு வள்ளுவர் எதற்கு?

பணி ஓய்வு விழா பேனர்களை எழுதுகிறவர்களுக்கு வள்ளுவர் மேல் என்ன கோபமோ! போன வாரம் ஒன்றில், "உழைப்பே உயர்வு தரும், உறக்கமோ தாழ்வு தரும் – திருவள்ளுவர்" என்று கொட்டை எழுத்தில். எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஆறு சொல். குறளுக்கு முதலடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று என்று ஏழு சீர் வேண்டாமா? உழைப்பைப் பற்றி அவரே 62-ஆம் அதிகாரத்தில் பத்து குறள் எழுதி வைத்திருக்கிறார். "முயற்சி திருவினை ஆக்கும் முயற்றின்மை இன்மை புகுத்தி விடும்" (616) என்று எடுத்துப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சொல்லப்போனால் அந்த வாசகம் ஒன்றும் மோசமில்லை. மோனையெல்லாம்கூட வருகிறது. கீழே எழுதியவர் பேரையோ, சும்மா "சொந்தச் சரக்கு" என்றோ போட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். வள்ளுவர் பேரைப் போட்டதால் அது பொய்க்குறள் ஆகிவிட்டது. எழுதியவருக்குப் பாராட்டும் போச்சு. அப்புறம் யாராவது ஒரு பிள்ளை அதைப் பேச்சுப்போட்டியில் முழங்கி, நடுவர் "எத்தனையாவது குறள்?" என்று கேட்டால்? 1330-ஐயும் புரட்டினாலும் கிடைக்காது. மேடையில் திருதிருவென்று முழிக்கப் போவது அந்தப் பிள்ளைதான், பேனர்காரர் இல்லை.