"ஆயி கை மணக்கும்" என்று எழுதியவளைத் திட்டுவதை நிறுத்துங்கள்

போன தீபாவளிக்கு முன்னால் நடந்த கூத்து இது. இன்னும் ஆறவில்லை எனக்கு. தமிழ் விளம்பரத்தில் ஏதாவது சறுக்கினால் போதும், உடனே "எழுதினது யார்?" என்று ஒரு தலையைத் தேடுகிறார்கள். எப்படி எழுத வைத்தார்கள், எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், யாரிடம் காட்ட விட்டார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. நான் சிங்கப்பூரில் தமிழ் விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். தலைப்பில் இருக்கிற வரி வந்த ரசப் பசை விளம்பரம் என் கைக்கு வரவில்லை. எழுதிய பிள்ளை எனக்குப் பழக்கம், அக்கா அக்கா என்று கூப்பிடும். நடந்தது முழுக்க அவள் சொல்லித்தான் தெரியும்.

பொருள் ஒன்றும் பெரிதில்லை. ரசப் பசை, பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கரைத்தால் ரசம். ஆங்கில விளம்பரம் பல வாரங்களாகக் கூட்டம் போட்டுப் பேசி முடிவானது. அம்மா வைக்கிற ரசம் மாதிரியே இருக்கும் என்பதுதான் அதன் சாரம். சீனத்துக்கும் மலாய்க்கும் ஒரு வாரம் போல நேரம் கிடைத்தது. தமிழ் மட்டும் வழக்கம்போல் கடைசி. சாயங்காலம் மின்னஞ்சல் வருகிறது, மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டுமாம்! கேட்டால் தமிழ் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தானே என்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு, அது எனக்கும் தெரியும். ஆனால் ரசப் பசை வாங்கப்போவது அந்தக் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கான வாசகத்துக்கு ஒரே ஒரு ராத்திரியா?

அந்த ஒரு ராத்திரியில் அவள் எழுதியது இது:

ஆயிரம் கை சமைத்தாலும் ஆயி கை மணக்கும்!

நல்ல வரி. இப்போதும் சொல்கிறேன், நல்ல வரி. ஆயிரத்துக்கும் ஆயிக்கும் மோனை தானாக வந்து விழுகிறது. இரண்டு இடத்தில் வரும் "கை" வரியைத் தாளம்போல் பிடித்து நிறுத்துகிறது. கைமணம் என்பது சமைக்கிறவருக்கு நாம் கொடுக்கிற பெரிய பாராட்டு, அதுவும் உள்ளே வந்துவிட்டது. "அம்மா கை" என்று போட்டிருந்தால் அர்த்தம் இருந்திருக்கும், ஓசை செத்திருக்கும். அவள் குடும்பத்துக்குப் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம். அங்கே அம்மாவை ஆயி என்பார்கள், ஆயி அப்பன் என்று சேர்த்தே சொல்வார்கள். இவளுடைய பாட்டியும் தன் அம்மாவை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கருப்பாயி, பச்சாயி, மாரியாயி எல்லாம் அந்த ஆயிதான். புதுச்சேரியில் ஆயி மண்டபம் என்று ஊருக்கு நடுவே ஒரு நினைவுச் சின்னமே நிற்கிறது. அப்படி மரியாதையாக வாழ்ந்த சொல்.

ஆனால் சென்னைப் பக்கத்து வீடுகளில் சின்னக் குழந்தைகளிடம் "ஆயி வருதா?" என்று கேட்டால் அது வேறு. கக்கா வருகிறதா என்று கேட்கிறார்கள்! இவள் வீட்டில் அதற்குக் கக்கா என்ற சொல் மட்டும்தான், ஆயி என்றால் பாட்டியின் அம்மா மட்டும்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சென்னைத் தாய்மார் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது என்ன சொல்வார்கள் என்று எப்படித் தெரியும்? அகராதியைத் திறந்தால் ஆயி என்பதற்குத் தாய் என்று இருக்கிறது. குழந்தைப் பேச்சைத் தேடி எந்த அகராதியைப் புரட்டுவது?

இப்போது சென்னைக்காரர் காதால் அந்த வரியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கே "ஆயி கை" என்றால் கழுவுகிற கை. கிராமத்துப் பேச்சில் இடதுகைக்குப் பீச்சாங்கை என்றே பெயர் இருக்கிறது, அதே கை. ஆயிரம் பேர் சமைத்தாலும் அந்தக் கைதான் மணக்குமாம். ரசப் பாக்கெட்டில்!

இதை வடிவமைப்பாளர் இன்னும் மோசமாக்கினார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சுவரொட்டியில் வரி நீளமாகத் தெரிந்ததாம், இரண்டாக உடைத்துவிட்டார். "ஆயிரம் கை சமைத்தாலும்" மேலே பொடி எழுத்தில் போனது. கீழே பாதிச் சுவரொட்டிக்கு மஞ்சள் எழுத்தில் "ஆயி கை மணக்கும்!" மட்டும். முழு வரியாக ஒரே மூச்சில் படித்தால் சமையல் முன்னாடியே வந்துவிடும், தாயைப் பற்றிய பேச்சு என்று கொஞ்சமாவது பிடிபடும். மேலே இருந்த மூன்று சொல்லை நாலு அடி தள்ளி நின்று படிக்கவே முடியவில்லை. கண்ணில் பட்டது கீழே இருந்த மூன்று சொல்தான். பக்கத்திலேயே ஓர் அம்மா கையில் கரண்டியோடு சிரிக்கிறார்.

லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் மேசை போட்டு, காகிதக் கோப்பையில் ரசம் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவளும் அங்கே நின்றிருக்கிறாள். ஒரு பையன், தொடக்கப்பள்ளி வயதுதான் இருக்கும், எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தானாம். படித்து முடித்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அதைக் குடிக்காதீங்க!" என்றிருக்கிறான். வாய் வரைக்கும் கொண்டுபோன கோப்பையை அந்த அம்மா அப்படியே மேசையில் வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார்கள். அதற்குள் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். ராத்திரிக்குள் ஊரில் பாதி வாட்ஸப் குழுக்களில் அந்தப் படம்தான். மறுநாளே சுவரொட்டிகளைக் கிழிக்கச் சொல்லிவிட்டார்கள். பாக்கெட்டில் அச்சான வரியை மறைக்க ஆள் வைத்து ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

அப்புறம் ஒரு கூட்டம். "நீங்கள்தானே தமிழ்? உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அவளை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கொதிப்பது இங்கேதான். இந்த வேலையில் தமிழ் தெரியாத வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதியதை எழுதியவரே திரும்பவும் ஆங்கிலத்தில் சொல்லி, பக்கத்துக் கட்டத்தில் போட்டு அனுப்ப வேண்டும். அவளும் அனுப்பினாள். ஆயிரம் பேர் சமைத்தாலும் தாயின் கைமணத்துக்கு ஈடாகாது என்ற பொருளில். படித்த வாடிக்கையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, உடனே ஒப்புதல். இதற்குப் பெயர் சரிபார்ப்பாம்! எழுதியவள் மனதில் என்ன இருந்தது என்பதுதான் அந்தக் கட்டத்தில் தெரியும். கேட்கிறவன் காதில் என்ன விழும் என்பது அதில் எந்தக் காலத்திலும் தெரியாது. அவளுக்குத் தெரியாத அர்த்தத்தை அவளே ஆங்கிலத்தில் எப்படி எழுதிக் காட்டுவாள்?

அதுவும் சிங்கப்பூரில். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்வீகக்காரர்கள், கடையநல்லூர் தென்காசிக் குடும்பங்கள், செட்டிநாட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்து வழிவந்தவர்கள், சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்கள், புதுக்கோட்டை இராமநாதபுரத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதுரைக்கு ஒரு வரி, கோவைக்கு ஒரு வரி என்று பிரித்துப் போட இடமிருக்கிறது. இங்கே ஒரே சுவரொட்டி எல்லா மாவட்டத்துக் காதுக்கும் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வரியை ஒரே ஒரு ஆளிடம் ஒரு ராத்திரியில் எழுதி வாங்கிவிட்டு, கடைசியில் அந்த ஆளையே குற்றவாளியாக நிற்கவைப்பது என்ன நியாயம்?

கூட்டத்தின் முடிவு இதைவிடக் கொடுமை. இனி வட்டார வழக்கே கூடாதாம், பாடப்புத்தகத் தமிழ் மட்டும்தானாம். பாடப்புத்தகச் சொல் காப்பாற்றிவிடுமா? "பேசு" என்பதைவிடச் சாதுவான சொல் உண்டா? யாழ்ப்பாணத்தாரிடம் "அம்மா பேசினார்" என்று சொல்லுங்கள், அம்மா திட்டினார் என்று எடுத்துக்கொள்வார்கள். சும்மா பேசுவதற்கு அவர்களுக்குக் கதைத்தல். முதியோர் இல்லத்துத் தொண்டூழியர் அட்டையில் "வாரம் ஒருமுறை வந்து உங்களிடம் பேசுவோம்" என்று போட்டால், யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு, நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் தோன்றும். சரி, "கதைப்போம்" என்று மாற்றினால் தமிழ்நாட்டுக்காரர் இவர்கள் கதை விடுகிறவர்கள் என்பார். ஆக, சொல்லைத் தடை செய்வதில் ஒன்றும் ஆகாது. பலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பதற்கு என்ன செலவு? வெவ்வேறு ஊர்ப் பூர்வீகம் உள்ள ஐந்தாறு பேர். ஆங்கில வரியைக் காட்டக் கூடாது, என்ன பொருள் என்று முன்கூட்டியே சொல்லவும் கூடாது. தமிழ் வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "என்ன புரிந்தது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவர்களில் ஒருத்தர் வீட்டிலாவது கைக்குழந்தை இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிச் சொல்லெல்லாம் குழந்தைப் பேச்சில்தான் ஒளிந்திருக்கும், பெரியவர்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் யாராவது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினால் அங்கேயே நிறுத்தி, ஏன் என்று கேட்க வேண்டும். அப்புறம் சுவரொட்டி தயாரானதும் அதே ஆட்களிடம் இன்னொரு முறை, வரி எங்கே உடைகிறது, தூரத்தில் நின்றால் எந்தச் சொல் மட்டும் கண்ணில் படுகிறது என்று பார்க்க. இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டிய ஆட்களுக்குக் கொடுத்த கூலியில் பாதிகூட ஆகியிருக்காது.

இதை அவள் கேட்டாளா? கேட்டாள்! "நாளை மதியம் வரை டைம் கொடுங்க, ரெண்டு பேரிடம் காட்டிட்டுத் தர்றேன்" என்று அன்றைக்கு ராத்திரியே எழுதியிருக்கிறாள். அந்த மின்னஞ்சலை எனக்கும் காட்டினாள். நேரமில்லை, அனுப்புங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. கூட்டத்தில் அந்த மின்னஞ்சலைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. அவளாக எடுத்துச் சொன்னபோது, பழையதைக் கிளற வேண்டாம் என்றார்களாம்.

இப்போது அந்தப் பாக்கெட்டில் "தரமான சுவை, தலைசிறந்த தயாரிப்பு" என்று இருக்கிறது. எண்ணெய்க்கும் போடலாம், சோப்புக்கும் போடலாம், ரசத்தின் வாசனை துளிகூட அதில் இல்லை. அதை எழுதித் தந்தவளும் அவள்தான். பொங்கல் பாக்கெட்டுக்கும் அவளிடமே கேட்டிருக்கிறார்கள். இந்த முறை மறுநாள் மதியத்துக்கு முன்னால் தரமாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டு எனக்குத் தகவல் சொன்னாள். நான் இருக்கிறேன், சென்னையிலிருந்து வந்த என் பக்கத்து வீட்டு அம்மா இருக்கிறார், யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். வரியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். மதியம் வரை பொறுக்க முடியாது என்று சொல்கிற நிறுவனம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.