வர்த்தகப் பற்றாக்குறை குறைந்த வருடத்தில்தான் வரிசையில் நின்றோம்

போன கிழமை உப்புவெளியில் ஒரு தேநீர்க் கடையில் பேச்சு இலங்கையின் டாலர் கணக்குப் பக்கம் போனது. "வர்த்தகப் பற்றாக்குறை கூடிவிட்டது, திரும்பவும் 2022 வரப்போகுது" என்றார் ஒரு அண்ணன். அவர் பயம் நியாயமானது. ஆனால் அவர் பார்க்கும் இலக்கம் தவறு. அங்கே முழுதாகச் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

2021இல் நம் வர்த்தகப் பற்றாக்குறை 8.1 பில்லியன் டாலர். 2022இல் அது 5.2 பில்லியனாக இறங்கியது. அந்த இலக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 2022 நல்ல வருடம். பெட்ரோல் வரிசையில் இரவில் படுத்தவர்களுக்கு உண்மை தெரியும். வாங்க டாலர் இல்லாததால் இறக்குமதி சுருங்கியது, அதனால்தான் பற்றாக்குறை குறைந்தது.

வர்த்தக நிலுவை எண்ணுவது பொருளை மட்டுமே. தேயிலை, உடுப்பு வெளியே போவது ஒரு பக்கம். சீனக்குடாவுக்குக் கப்பலில் வரும் கோதுமையும் எண்ணெயும் மறுபக்கம். வெளியே போவதை விட உள்ளே வருவது கூடினால், அந்த வித்தியாசம்தான் வர்த்தகப் பற்றாக்குறை. நிலாவெளியில் வெளிநாட்டுக்காரர் அறை எடுத்து 60 டாலர் கொடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் சுங்கத்தைத் தாண்டி எதுவும் போகவில்லை. மூதூரிலிருந்து குவைத் போன பிள்ளை அனுப்பும் பணமும் வராது.

சென்மதி நிலுவை வேறு. இந்த நாட்டில் வசிப்பவருக்கும் வெளியே வசிப்பவருக்கும் இடையில் நடக்கும் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் அது எழுதுகிறது. பொருள், சேவை, வட்டி, லாபம், பணவனுப்பல் எல்லாம் நடைமுறைக் கணக்கில் சேரும். கடனும் முதலீடும் நிதியியல் கணக்கில். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமாக எழுதுவதால் முழுக் கணக்கு எப்போதும் சமமாகத்தான் முடியும். அதனால் "மிகை", "பற்றாக்குறை" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்க வேண்டும்.

2023ஐ எடுங்கள். பொருளில் 4.9 பில்லியன் பற்றாக்குறை. ஆனால் தொழிலாளர் பணவனுப்பல் மட்டும் 5.97 பில்லியன், சுற்றுலா வருமானம் 2 பில்லியனுக்குச் சற்று மேல். வெளியே போகவேண்டிய வட்டி, லாபத்தைக் கழித்த பிறகும் நடைமுறைக் கணக்கில் ஒன்றரை பில்லியன் அளவில் மிகை. இதிலும் ஒரு விஷயம் உண்டு: வட்டியைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், அது சேரும்போதே கணக்கில் எழுத வேண்டும் என்பது விதி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனின் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்தினோம் அல்லவா? கட்டாத வட்டி நிதியியல் கணக்கில் நிலுவைக் கடனாக ஏறும். ஆகவே அந்த மிகை முழுவதும் கையில் வந்த டாலர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இந்தக் கணக்கு எங்கே ஏமாறும்? எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் கதையைச் சொல்கிறேன். 2021 கடைசியில் குவைத்திலிருந்து அவர் மகள் மாதம் 500 டாலர் அனுப்புவாள். பாங்கில் டாலருக்கு 203 ரூபாய்தான், 1,01,500 கிடைக்கும். பாங்கைத் தொடாமல் பணம் மாற்றும் உண்டியல்காரர் 240 கொடுத்தார், 1,20,000. மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்து வாசலில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். 18,500 ரூபாய் வித்தியாசம், மாமியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த 500 டாலர் இலங்கைக்குள் வரவே இல்லை. உண்டியல்காரரின் ஆள் அதைக் குவைத்திலேயே வாங்கி, இங்கே பொருள் இறக்கும் ஒரு வியாபாரிக்கு விற்கிறார். வியாபாரி அதில் வெளிநாட்டுக் கடைக்காரருக்குக் காசு கட்டுகிறார், ரூபாயை இங்கே உண்டியலுக்குக் கொடுக்கிறார். அவர் பொருளின் விலையைச் சுங்கத்தில் குறைத்துக் காட்டினால் இரண்டு பக்கமும் மறைகிறது: பணவனுப்பல் குறைந்து தெரியும், இறக்குமதியும் குறைந்து தெரியும். விலையைச் சரியாகக் காட்டினால் பொருள் கணக்கில் ஏறும், அதற்குக் கட்டிய டாலர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அந்த இடைவெளி "தவறுகளும் விடுபடல்களும்" என்ற வரியில் போய் விழும். அந்த வரி திடீரென்று வீங்கினால், டாலர் வேறு வழியில் ஓடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

2020இல் 7.1 பில்லியனாக இருந்த பதிவான பணவனுப்பல் 2022இல் 3.8 பில்லியன். இத்தனை பிள்ளைகளும் அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா என்ன? நான் நம்பவில்லை. பெரும்பகுதி உண்டியல் வழியே போனது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில்தான் நாட்டின் டாலர் ஒதுக்கு 2019 இறுதியின் 7.6 பில்லியனிலிருந்து 2021 இறுதியில் 3.1 ஆகக் கரைந்தது. மத்திய வங்கி பிடித்து வைத்திருந்த டாலர் விலையை 2022 மார்ச்சில் ஏற விட்டது. பாங்கு விலை ஏறி உண்டியல் விலைக்குப் பக்கத்தில் வந்ததும், மாமி திரும்பவும் பாங்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மகளின் 500 டாலர் இப்போது கணக்கில் ஒரு வரியாக இருக்கிறது.