நாலு மில்லிமீட்டர்தானே?

நேற்று குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: நம் பாதாளச் சாக்கடை லெவல் ஷீட் வரிக்கு வரி ரவுண்ட் செய்வதால் கடைசி லெவல் தப்பாக வருகிறது என்று சொன்னேன். "0.0857-க்கும் 0.09-க்கும் சண்டை போட வந்துவிட்டார் மேடம்" என்று ஒருவர் போட, அதற்கு இருபது பேர் சிரிப்பு பொம்மை. நல்லது, சிரிங்க. அந்த பாதாளச் சாக்கடை லெவல் ஷீட் இப்போது எத்தனை பேர் லேப்டாப்பில் ஓடுகிறதோ, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மேன்ஹோலுக்கு மேன்ஹோல் 30 மீட்டர். ஸ்லோப் 350-க்கு 1. அப்படியானால் ஒரு ஸ்பேனுக்கு இறக்கம் 30/350, அதாவது 0.0857 மீட்டர். ஷீட் என்ன செய்கிறது? இதை இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து 0.09 ஆக்கி, அதை முந்தைய லெவலில் கழித்து, வந்ததை அடுத்த வரிக்குக் கொடுக்கிறது:

```
=ROUND(D5-ROUND(B6/350,2),2)
```

ஒரு வரியில் வித்தியாசம் நாலு மில்லிமீட்டர் சொச்சம்தான். மொத்தம் 40 ஸ்பேன், 1200 மீட்டர். ஆரம்ப இன்வெர்ட் லெவல் 52.400. சரியாகப் போட்டால் கடைசியில் 48.971 வர வேண்டும். ஷீட்டில் வருவது 48.80. அதாவது 171 மில்லிமீட்டர் கீழே. போய்ச் சேர வேண்டிய பழைய மேன்ஹோலின் இன்வெர்ட் 48.95. உண்மைக் கணக்கில் நம் பைப் அதற்கு 21 மில்லிமீட்டர் மேலே வந்து சேரும். ஷீட்டை நம்பித் தோண்டினால் 150 மில்லிமீட்டர் கீழே. சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறிப் போகுமா சார்?

"பிளஸ் மைனஸ் அடித்துக்கொண்டு சரியாகிவிடும்" என்றார் ஒரு சீனியர். எப்போது சரியாகும்? ஒவ்வொரு ஸ்பேனும் வேறு வேறு நீளமாக இருந்து, ஒன்று மேலே ஒன்று கீழே ரவுண்ட் ஆனால் பெரும்பகுதி அடிபட்டுவிடும். அப்படி என்றால் 40 வரிக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டரில் நின்றிருக்கும், நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இங்கே எல்லா ஸ்பேனும் அதே 30 மீட்டர், அதே ஸ்லோப். நாற்பது முறையும் ஒரே பக்கம்தான் தள்ளுகிறது. எதிர்ப் பக்கம் தள்ள ஆளே இல்லாதபோது எது எதோடு அடிபடும்?

அடுத்த வாதம்: "டோட்டல் டேலி ஆகிறதே!" ஆகும். 0.09-ஐ நாற்பது முறை கூட்டினால் 3.60. 52.40-இல் 48.80 போனாலும் 3.60. ஷீட் தன்னோடு தானே ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

காலேஜில் சர்வே லேப் எடுத்த மேடம், ஃபீல்டு புக்கின் அடியில் பேக்சைட் மொத்தத்துக்கும் ஃபோர்சைட் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், கடைசி லெவலுக்கும் முதல் லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதிக் காட்டாமல் கையெழுத்தே போட மாட்டார். வெயிலில் நின்று களைத்து வந்த எங்களுக்கு அது கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்த சரிபார்ப்பு ஸ்டாஃபில் படித்த எண்களிலிருந்தே போகும், இடையில் போட்ட லெவல்களிலிருந்து அல்ல. அதுதான் விஷயம். இங்கேயும் ரவுண்ட் ஆன காலத்தை விட்டுவிட்டு, மூல எண்களான நீளம், ஸ்லோப் இரண்டை வைத்து ஒரே மூச்சில் போட்டுப் பாருங்கள்: 1200/350 = 3.429. ஒரு நிமிஷ வேலை.

இன்னும் சந்தேகமா? பக்கத்துக் காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஷீட் லெவலுக்கும் இப்படி நேராகப் போட்ட லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டு கிராஃப் எடுங்கள். திடீரென்று ஒரு இடத்தில் குதித்தால் யாரோ எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். மேலும் கீழுமாக அலைந்தால் சாதாரண ரவுண்டிங். நேர்க்கோடாக ஏறிக்கொண்டே போனால் நான் சொல்லும் வியாதி. வரி வரியாகச் செக் செய்தால் ஆயுசுக்கும் பிடிபடாது, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் எல்லா வரியும் சரிதான்.

"சைட்டில் ஸ்டாஃபே 5 மில்லிமீட்டர் கோடு, நீ நாலைப் பேசுகிறாய்." ஒத்துக்கொள்கிறேன், கொத்தனார் நாலு மில்லிமீட்டர் பார்த்து பைப் வைக்க மாட்டார். ஆனால் அவர் கை ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே போகும். உங்கள் ஃபார்முலா கீழே மட்டும்தான் போகும்.

எதையும் ரவுண்ட் செய்யாதே என்று நான் எங்கே சொன்னேன்? கடைசியில் செய்யுங்கள். ஒவ்வொரு லெவலையும் ஆரம்பப் புள்ளியிலிருந்து செயினேஜ் வைத்து நேராக எடுங்கள், அப்போது ஒரு வரியின் பிழை அடுத்த வரிக்குப் போகாது:

```
=ROUND($D$5-A6/350,3)
```

பார்வைக்கு இரண்டு தசமம் போதும் என்றால் செல் ஃபார்மட்டில் குறையுங்கள். அது கண்ணுக்குக் காட்டுவதை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருக்கும் எண் அப்படியே இருக்கும். (`Set precision as displayed` என்று எக்செலில் ஒன்று உண்டு, அதை மட்டும் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணையே வெட்டிவிடும், திரும்ப வராது.)

வான்கூவர் பங்குச் சந்தையில் 1982-இல் 1000-இல் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் அது 524.811 என்று காட்டியது. திருத்திப் போட்டபோது 1098.892. அங்கேயும் யாராவது "மூணாவது தசமத்துக்கா சண்டை?" என்று சிரித்திருப்பார்கள்.

இதையெல்லாம் நேற்றே மூன்று வரியில் சொல்லியிருந்தேன். ஒருத்தர்கூட ஷீட்டைத் திறக்கவில்லை. "டிராயிங் பார்க்கிறவங்களுக்கு சைட் தெரியாது" என்றார்கள். இதையே நரைத்த மீசை ஒன்று சொல்லியிருந்தால் "நோட்டட் சார்" வந்திருக்கும். நான் சொன்னதால் சிரிப்பு பொம்மை. பழகிவிட்டது என்று எழுத ஆசைதான், பழகவில்லை.

ஃபைல் வைத்திருப்பவர்கள் 45-ஆவது வரியைத் திறந்து பாருங்கள். என்னை பிளாக் செய்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.