எதிர் வீட்டில் கொடுத்த பார்சல் காணாமல் போனால் இழப்பு யாருடையது?

பெங்களூரு அடுக்ககங்களில் ஒரு பார்சல் காணாமல் போனவுடன் வாட்ஸ்அப் குழுவில் எழும் முதல் கேள்வி, அதை யார் எடுத்திருப்பார்கள் என்பதுதான். பணம் யார் கையிலிருந்து போக வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டியதில்லை. பொருளை அந்த இடத்தில் வைக்கவோ அந்த ஆளிடம் கொடுக்கவோ யார் சம்மதம் தந்தார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். சரக்குப் போக்குவரத்துத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதாலும், எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இத்தகைய பஞ்சாயத்துகளில் உட்கார நேர்ந்தவன் என்பதாலும் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பானசவாடியில் எங்கள் கட்டடத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் தளத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண், காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு கடையின் இணையதளத்தில் ரூ. 11,400 மதிப்புள்ள பட்டுப்புடவை ஒன்றை வாங்கினார். முழுத் தொகையையும் யுபிஐ வழியாக முன்கூட்டியே செலுத்திவிட்டார். கூரியர் ஊழியர் வந்தபோது அவர் அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் அழைப்பை எடுக்க முடியவில்லை. ஊழியர் எதிர் வீட்டு மணியை அழுத்தி, அங்கிருந்த வயதான கன்னட அம்மாவிடம் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா அதைச் சிறிது நேரம் உள்ளே வைத்திருந்தார். பிறகு மைசூருவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வாங்கியவரின் வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சென்றார். மாலையில் அது அங்கே இல்லை. அந்த நடைக்கூடத்தில் கேமரா கிடையாது. லிஃப்ட்டிலும் கேட்டிலும் மட்டுமே உண்டு.

கடைக்காரர் 'டெலிவர்டு' என்று காட்டும் திரையை அனுப்பித் தன் கடமை முடிந்தது என்றார். குழுவில் இருந்தவர்களோ எதிர் வீட்டு அம்மா பாதிப் பணத்தையாவது தர வேண்டும் என்று தீர்ப்பு எழுதத் தொடங்கினார்கள். எனக்கு இரண்டுமே தவறாகப் பட்டன. இன்றும் அப்படித்தான் படுகின்றன.

கடைக்காரரின் வாதத்தை முதலில் பார்ப்போம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, ஒப்படைப்பு எப்போது நடந்ததாகக் கொள்ளலாம் என்பதைச் சொல்கிறது. எதைச் செய்தால் ஒப்படைப்பாகக் கருதலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்களோ அதைச் செய்திருக்க வேண்டும். அல்லது பொருள் வாங்குபவரின் வசமோ, அவர் சார்பில் அதை வைத்திருக்க அதிகாரம் பெற்ற ஒருவரின் வசமோ வந்திருக்க வேண்டும். எதிர் வீட்டு அம்மாவுக்கு அப்படிப்பட்ட அதிகாரத்தை யாரும் தரவில்லை. வாங்கியவர் தொலைபேசியை எடுக்காமல் இருந்ததை 'சரி, யாரிடமாவது கொடுங்கள்' என்று மொழிபெயர்க்க முடியாது. ஆகவே ஊழியர் அந்த வீட்டு மணியை அழுத்தியபோது அவர் கடையின் சரக்கைத்தான் கடையின் சார்பில் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போனார். விற்பனை ஒப்பந்தப்படியான ஒப்படைப்பு நடக்கவே இல்லை.

விற்பவர்கள் இதற்கு எதிராக அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவைக் காட்டுவதுண்டு. பொருளை அனுப்பிவைக்க வேண்டிய விற்பனையில், கூரியர் போன்ற சரக்குச் சுமப்பவரிடம் கொடுத்ததே வாங்குபவரிடம் கொடுத்ததற்குச் சமம் என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் அது எடுத்த எடுப்பில் செய்துகொள்ளும் ஓர் ஊகம் மட்டுமே. வேறு ஒப்பந்தம் இருந்தால் அந்த ஊகம் நிற்காது. 'வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவோம்' என்று விளம்பரம் செய்து, அதற்கென்று கட்டணமும் வாங்கி, எந்தக் கூரியர் என்பதையும் தானே தேர்ந்தெடுத்த கடை, மூட்டையை லாரியில் ஏற்றியதோடு பொறுப்பு தீர்ந்தது என்று சொல்வதை எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிலைநிறுத்துவது கடினம் என்றே நினைக்கிறேன்.

இதே சம்பவத்தில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். அந்தப் பெண் அழைப்பை எடுத்து, 'எதிர் வீட்டில் கொடுத்துவிடுங்கள் அண்ணா' என்று சொல்லியிருந்தால் எல்லாம் தலைகீழாகியிருக்கும். அந்த நொடியிலிருந்து எதிர் வீட்டு அம்மா வாங்கியவரின் ஆள். பார்சல் அவர் கைக்குப் போனதுமே ஒப்படைப்பு முடிந்தது. அதன்பின் அது தொலைந்தால் கடையிடம் கேட்க எதுவும் இல்லை. 'வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்வதற்கும், ஆர்டர் செய்யும்போது அந்தக் கட்டத்தை டிக் செய்வதற்கும் இதே விளைவுதான். பார்சல் கேட்டைத் தாண்டும் முன்பே தொலைபேசியில் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடும் வழக்கம் இவற்றில் மிகவும் ஆபத்தானது. அந்த எண் 'பொருள் என் கைக்கு வந்தது' என்று நீங்கள் போட்ட கையெழுத்தாகவே பதிவாகும். பிறகு அதை மறுத்து நிற்பது பெரும்பாடு.

சொல்லாமல் சொன்ன சம்மதம் என்றும் ஒன்று உண்டு, சிக்கல் அங்கேதான் அதிகம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 187-ஆவது பிரிவுப்படி, ஒருவருக்கு அதிகாரம் தரப்பட்டதா என்பதைச் சூழ்நிலைகளிலிருந்தும் வழக்கமான நடவடிக்கைகளிலிருந்தும் ஊகிக்கலாம். அந்தப் பெண் பல மாதங்களாக அதே கூரியரின் பார்சல்களை எதிர் வீட்டிலிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பெற்றுவந்திருந்தால், கடை இந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. எங்கள் வழக்கில் அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அது அவருக்குச் சாதகமானது.

இனி எதிர் வீட்டு அம்மா. பிறர் பொருளை வைத்திருப்பவர், அதே அளவும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளைச் சராசரி விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நம் சட்டத்தில் அளவுகோல் ஒன்றுதான். அவர் பார்சலைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, பூட்டை உடைத்து யாரேனும் திருடியிருந்தால் அவர்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. பொது நடைக்கூடத்தில் செருப்புகளுக்குப் பின்னால் வைத்தது அந்த அளவுகோலை எட்டாது என்று வாதிடலாம்தான். ஆனால் உள்ளே இருப்பது பட்டுப்புடவை என்று அவருக்குத் தெரியாது; பழுப்பு நிற உறைக்குள் இருந்த ஒரு பொட்டலம், அவ்வளவே. மேலும் வாங்கியவர் அவரிடம் எதையும் ஒப்படைக்கவில்லை, ஒப்படைத்தது கூரியர். அவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்காவது இருந்தால் அது கூரியருக்கும் கடைக்கும்தான். வாங்கியவர் கடையை விட்டுவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவது, அருகில் இருப்பவரிடம் கேட்பது எளிது என்பதால் மட்டுமே நடக்கிறது. உதவி செய்தவரிடம் பாதிப் பணம் வசூலிக்கும் கட்டடத்தில், அடுத்த முறை யார் கதவைத் திறப்பார்கள்?

அப்படியானால் கடைக்காரர் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்? இதைக் குழுவில் யாரும் யோசிக்கவில்லை. கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பொருள் தொலைந்தால் இன்ன தொகைக்கு மேல் தரமாட்டோம் என்று ஒரு வரம்பு இருக்கும். பொருளின் மதிப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகையாகவே இருப்பது வழக்கம். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், கையெழுத்திட்ட கூரியர் ஒப்பந்தத்தில் இருந்த அத்தகைய வரம்பு, அதாவது 100 அமெரிக்க டாலர், அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாங்கியவருக்கு ரூ. 11,400 திருப்பித் தரும் கடைக்குக் கூரியரிடமிருந்து வருவது சில நூறு ரூபாயாக இருக்கலாம். வருத்தத்திற்குரியதுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது கடை. மதிப்பை அறிவித்துக் காப்பீட்டுடன் அனுப்பும் வாய்ப்பும் கடைக்கே இருந்தது. தனக்கும் கூரியருக்கும் இடையே உள்ள வரம்பை, அதைப் பார்த்தே இராத வாடிக்கையாளரின் தலையில் கட்ட முடியாது.

நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இதுதான்: 'திருடு போய்விட்டது' என்று கடைக்கு எழுதாதீர்கள். உங்கள் வசம் வந்த பொருள்தான் உங்களிடமிருந்து திருடு போக முடியும். அப்படி எழுதினால் வந்து சேர்ந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 'பொருள் என்னிடமோ நான் நியமித்த எவரிடமுமோ தரப்படவில்லை. யாரிடம், எத்தனை மணிக்கு, யார் அனுமதியுடன் தரப்பட்டது என்ற டெலிவரிச் சான்றை அனுப்புங்கள்' என்று அன்றே மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். கேட் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும் என்பதால் அதையும் அன்றே எடுத்துவைத்தோம். கூரியரின் சான்று வந்தபோது பெற்றவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நெய்பர்' என்றும், எதிர் வீட்டு எண்ணும் இருந்தன. 'டெலிவர்டு' என்று கடை காட்டிய அதே ஆவணம், பொருள் வாங்கியவரிடம் சேரவில்லை என்பதற்கு முதல் சாட்சியானது.

2020-இன் மின்வணிக விதிகளின்படி, கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதன்பின் மாவட்ட ஆணையமும் இருக்கின்றன. கடை காஞ்சிபுரத்தில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் போடலாம், ரூ. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எங்கள் வழக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. 'நெய்பர்' என்ற அந்தப் பதிவைத் திருப்பி அனுப்பியபின், சில நாட்கள் இழுத்தடித்துவிட்டுக் கடை முழுப் பணத்தையும் தந்துவிட்டது.

எனக்கு இன்னும் தீராத சண்டை எங்கள் சங்கத்துடன்தான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பாதுகாப்பு என்ற பெயரில் டெலிவரி ஊழியர்கள் மேலே வரக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, பார்சல்களைக் கேட் அறையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதே அறைச் சுவரில் 'பொருட்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல' என்று ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின் காரணமாகவே, கேட்டில் கொடுத்தால் வீட்டில் கொடுத்ததாகும் என்று விற்பவர் வாதிட வழி பிறக்கிறது. இழப்பு குடியிருப்பவர் பக்கம் சாய்கிறது. வேறு வழியே இல்லாமல் பொருளைத் தன் காவலில் வாங்குகிறவர், சராசரி கவனத்தைக்கூடத் தரமாட்டேன் என்று பலகை மாட்டித் தப்பிக்கக் கூடாது. யார், எப்போது கொடுத்தார்கள், எந்த வீட்டுக்காரர் எடுத்துச் சென்றார் என்று கையெழுத்துடன் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், அல்லது ஊழியர்களை மேலே விட வேண்டும் என்பது என் கோரிக்கை. செக்யூரிட்டிகளுக்கு வேலைப்பளு கூடும் என்று செயலாளர் மறுக்கிறார். பண்டிகைக் காலத்தில் அந்த அறையில் கால் வைக்க இடமிருக்காது என்பதால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தலாம் என்றால், புடவைக்காகப் பாதிப் பணம் கேட்ட அதே குழு இப்போது வாய் திறக்க மறுக்கிறது.